இத்தாலிப் பார்சல், கோத்தகிரிக் குப்பை: வெளிநாட்டு உறைகளில் உள்ள குறிகளைப் படித்துத் தரம் பிரிப்பது எப்படி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பார்சல், ஹோம்ஸ்டேயில் தங்கிய விருந்தினர் விட்டுப்போன பிஸ்கட் டப்பா, காபிப் பை, சாஸ் பாட்டில். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இவை வந்துகொண்டேதான் இருக்கின்றன. பின்பக்கத்தில் அம்பு, முக்கோணம், எண், புரியாத மொழியில் நாலு வரி. போனில் படம் எடுத்து மொழிபெயர்த்தால் "ஈரத்தில் சேர்க்கவும்" என்று வரும். அதை நம்பி மக்கும் குப்பைத் தொட்டியில் போட்டால், தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

அந்தக் குறிகள் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கின்றன. ஒன்று, இந்தப் பொருள் எதனால் ஆனது. அது எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. மற்றொன்று, இதை எந்தத் தொட்டியில் போட வேண்டும். அது அந்த நாட்டின் ஏற்பாடு, நம் ஊருக்குச் செல்லாது. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

இத்தாலி உறையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்டில் விற்கும் பொருள்களின் உறைகளில் இந்த விவரம் இருந்தாக வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அதனால் அவர்களுடைய உறையில்தான் விவரம் மிகுதி. அதைப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற ஐரோப்பிய உறைகள் எளிது.

1. பிரிப்பதற்கு முன்பே படம் எடுங்கள்

பலரும் தின்று முடித்தபிறகுதான் உறையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கிழிக்கும் கோடு பல சமயம் அந்தக் கட்டத்தின் நடுவிலேயே போகிறது. பாதி எண் ஒரு துண்டில், மீதி இன்னொரு துண்டில். ஆகவே பார்சல் வந்த அன்றே, பிரிக்கும் முன், இரண்டு படம் எடுத்துவிடுங்கள். ஒன்று பின்பக்கம் முழுவதும். இன்னொன்று குறிகள் உள்ள கட்டம் மட்டும், திரை நிறையும்படி.

பளபளப்பான உறையில் பிளாஷ் போட்டால் வெள்ளைப் பொட்டுதான் விழும், எழுத்து விழாது. ஜன்னல் பக்கம் வையுங்கள், பிளாஷை அணையுங்கள். மூடுபனி இறங்கிய நேரம் இதற்கு மிக நல்லது, நிழலே விழாது. பாட்டில், ஜாடி போல வளைந்தவற்றைச் சற்றுச் சற்றாகத் திருப்பி மூன்று படம் எடுங்கள். ஓரத்தில் மடங்கும் எழுத்தில்தான் 5 என்பது 6 போலவும் 1 என்பது 7 போலவும் தெரிந்து ஏமாற்றும்.

இணையம் வந்து போகிற இடத்தில் வீடு இருந்தால், மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குச் செலவு ஏதும் கிடையாது. முதல் உறைக்குக் கால் மணி நேரம் ஆகும். பழகியபின் இரண்டு நிமிடம் போதும்.

2. மொழிபெயர்ப்பைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்

பொருளின் குறியீடு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலி இதைச் சொல் என்று நினைத்துக் குதறிவிடும். காகிதம், அட்டையைக் குறிக்கும் PAP என்பது வேறு ஏதோ ஆகிவிடும், பக்கத்தில் உள்ள எண் காணாமல் போகும். ஆகவே எண்ணை எப்போதும் மூலப் படத்திலிருந்தே படியுங்கள், மொழிபெயர்த்த படத்திலிருந்து வேண்டாம்.

இந்த எண்கள் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவானவை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். 1 முதல் 7 வரை பிளாஸ்டிக். 20 முதல் 22 வரை காகிதம், அட்டை. 40 இரும்புத் தகரம், 41 அலுமினியம். 70, 71, 72 கண்ணாடி, முறையே நிறமற்றது, பச்சை, பழுப்பு. 80 முதல் மேலே போனால் கலப்பு: ஒன்றோடொன்று ஒட்டிய, பிரிக்க முடியாத அடுக்குகள்.

கலப்புப் பொருளுக்கு முன்னால் C/ என்று இருக்கும். அதன்பின் வரும் எழுத்து, அதில் எது எடையில் அதிகமோ அதைச் சொல்கிறது. C/PAP 84 என்றால் அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டியது, அட்டை அதிகம்: பால், பழச்சாறு வரும் பெட்டி. C/LDPE 90 என்றால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியது: காபிப் பை. அந்த C/ கண்ணில் படாமல் PAP மட்டும் பட்டால், அதைக் காகிதம் என்று எடுத்துப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்துவிடுவீர்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

3. மொழிபெயர்ப்பில் வழுக்கும் சொற்கள்

எண்ணைப் படித்தபின் சொல்லுக்கு வாருங்கள். கட்டத்தின் இடப்பக்கம் உறுப்பின் பெயர் இருக்கும்: பெட்டியா, உள்பையா, மூடியா என்று. வலப்பக்கம் தொட்டியின் பெயர். செயலிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

CAPSULA என்பதை "மாத்திரை" என்றோ "கேப்சூல்" என்றோ காட்டும். ஜாடியில் அது திருகு மூடி. UMIDO என்பதை "ஈரமான" என்று காட்டும். அது ஈரமாக இருப்பதைச் சொல்லவில்லை, சமையலறைக் கழிவுத் தொட்டியைச் சொல்கிறது. ORGANICO என்பதற்கும் அதே பொருள்தான். "இயற்கை வேளாண்மைப் பொருள்" என்று வந்தால் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான இரட்டையர் DIFFERENZIATA, INDIFFERENZIATA. முதலாவது தரம் பிரித்துச் சேகரிப்பது. இரண்டாவது அதற்கு நேர் எதிர்: எதிலும் சேராத மிச்சக் குப்பை. முன்னால் உள்ள IN என்ற இரண்டு எழுத்து மடிப்பில் மறைந்துபோனால் பொருள் தலைகீழாகிவிடும். அதனால்தான் கட்டம் முழுவதும் படத்தில் வர வேண்டும் என்று சொன்னேன்.

கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்:

```
Verifica le disposizioni del tuo Comune
```

கடைசிச் சொல்லைச் செயலி "பொதுவான" என்று காட்டக்கூடும். சரியான பொருள்: "உங்கள் நகராட்சியின் விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்." இத்தாலிக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும் என்று உறையே ஒப்புக்கொள்கிறது. கோத்தகிரியில் அது செல்லாததில் வியப்பென்ன?

4. நிறத்தை நம்பாதீர்கள்

சில உறைகளில் சொல்லுக்குப் பதில் வண்ணத் தொட்டிப் படம் மட்டுமே இருக்கும். இத்தாலியில் பொதுவாகப் பச்சை என்றால் கண்ணாடி, நீலம் என்றால் காகிதம், மஞ்சள் என்றால் பிளாஸ்டிக், பழுப்பு என்றால் சமையலறைக் கழிவு. நமக்குப் பச்சை மக்கும் குப்பை, நீலம் மக்காத குப்பை. படத்தில் பச்சைத் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சாஸ் ஜாடியைப் பச்சைத் தொட்டியில் போட்டால், உரக்குழியில் கண்ணாடிச் சில்லு கிடக்கும்.

மஞ்சளில் இன்னொரு சிக்கல். ஜெர்மனி உறைகளில் "Gelber Sack" என்று இருக்கும், மஞ்சள் பை என்று பொருள். பிரான்சிலும் மறுசுழற்சித் தொட்டி மஞ்சள்தான். இந்தியாவில் மஞ்சள் பை மருத்துவமனைக் கழிவுக்கு உரியது. வீட்டு பிளாஸ்டிக்கை மஞ்சள் பையில் கட்டி வெளியே வைத்தால் யாரும் தொடத் தயங்குவார்கள், அது நியாயம்தான்.

5. ஒரு பார்சலைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு பிஸ்கட் பெட்டி, ஒரு காபிப் பை, ஒரு தக்காளி சாஸ் ஜாடி. மூன்றின் பின்பக்கத்திலிருந்தும் எடுத்த வரிகளைச் சேர்த்தால் இப்படி இருக்கும்:

```
ASTUCCIO    PAP 21      CARTA
SACCHETTO   PP 5        PLASTICA
BUSTA       C/LDPE 90   PLASTICA
VASETTO     GL 70       VETRO
CAPSULA     FE 40       METALLI
```

முதல் வரி பிஸ்கட் பெட்டியின் வெளி அட்டை. 21 என்றால் நெளிவு இல்லாத சாதா அட்டை. தட்டையாக மடக்கிப் பழைய பேப்பரோடு வையுங்கள், பழைய பொருள் கடையில் எடுத்துக்கொள்வார்கள். முகப்பில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால் அதைக் கிழித்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டையை வெளித் திண்ணையில் குவிக்க வேண்டாம். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதலே மழை. குன்னூர், கோத்தகிரி, பழனி மலைப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. நனைந்து பூஞ்சை பிடித்த அட்டையைக் கடைக்காரர் எடுக்கமாட்டார்.

இரண்டாம் வரி உள்ளே இருந்த பிஸ்கட் பை, பாலிபுரொப்பிலீன். இத்தாலியில் பிளாஸ்டிக் தொட்டி. இங்கே மக்காத குப்பை. 5 என்ற எண் கெட்டியான டப்பாவில் இருந்தால் கடைக்காரர் வாங்குவார். அதே 5 சலசலக்கும் மெல்லிய உறையில் இருந்தால் எடை கிடைக்காது, வாங்கமாட்டார். எண் ஒன்றுதான், தடிமன் வேறு. நொறுக்கை உதறிவிட்டு மற்ற மெல்லிய உறைகளோடு சேருங்கள்.

மூன்றாம் வரிதான் கவனிக்க வேண்டியது. காபிப் பையும் PLASTICA என்று சொல்கிறது, பிஸ்கட் பையும் PLASTICA என்று சொல்கிறது. சொல்லை மட்டும் பார்த்தவர் இரண்டையும் ஒன்றாகப் போடுவார். எண்ணைப் பார்த்தவருக்கு 90 என்பது அலுமினியம் ஒட்டிய கலப்பு என்று தெரியும். அங்கே பெரிய ஆலையில் இயந்திரம் அதைப் பிரித்து ஒதுக்கிவிடும். இங்கே அந்த வேலையைச் செய்வது மனிதக் கை. இந்தக் கலப்பு உறைகளை உருக்கி வேறு பொருள் செய்வது கடினம், பெரும்பாலும் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகத்தான் போகும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ பாக்கெட் வகையறாவோடு தனிப் பையில் கட்டுங்கள். காபித் தூளை முதலில் உரக்குழியில் தட்டிவிடுங்கள், அது நல்ல உரம்.

கடைசி இரண்டு வரிகள் ஜாடியும் மூடியும். மூடி இரும்புத் தகரம், காந்தம் ஒட்டும், தகரத்தோடு போகும். ஜாடியைக் கழுவிக் காயவையுங்கள், மூடியைத் திரும்பத் திருகி வைக்காதீர்கள். கண்ணாடியைப் பழைய பொருள் கடையில் எடுப்பார்களா என்று கொண்டுபோகும் முன் கேளுங்கள். எடை அதிகம், விலை குறைவு, மலைப்பாதையில் கீழே இறக்கும் செலவு வேறு. உண்மையைச் சொன்னால், நல்ல திருகு மூடி ஜாடியை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்வதே மேல். உடைந்துவிட்டால் அட்டையில் சுற்றி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பேனாவால் எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.

பாட்டில்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனி பாட்டிலில் "Pfand" என்று இருந்தால் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். நீலகிரியில் 2022 மே முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கிறதே, அதே முறைதான். ஆனால் டாஸ்மாக்கில் அவர்கள் சீட்டு ஒட்டிய பாட்டிலுக்கு மட்டுமே பணம், வெளிநாட்டுப் பாட்டிலை நீட்டினால் சிரிப்பார்கள்.

6. "மக்கும்" என்று எழுதிய பை

இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும், ஏனென்றால் இங்கே மொழிபெயர்ப்பு சரியாகவே வரும், ஆனாலும் முடிவு தவறாகிவிடும்.

சில மெல்லிய பைகளில் "COMPOSTABILE" என்று எழுதி, பக்கத்தில் நாற்றுச் சின்னமும் EN 13432 என்ற எண்ணும் இருக்கும். தொட்டி: UMIDO. மொழிபெயர்த்தால் "உரமாகக்கூடியது, சமையலறைக் கழிவில் சேர்க்கவும்." சொல்லில் தவறில்லை. ஆனால் அந்த எண் குறிக்கும் சோதனை, பெரிய உர ஆலையின் சூட்டை வைத்துச் செய்வது. சுமார் 58 டிகிரி வெப்பத்தில், 12 வாரத்தில் அதில் பெரும்பகுதி 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாகச் சிதைய வேண்டும் என்பது கணக்கு.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல் மேல் உறைபனி படிகிறது. வீட்டுத் தோட்டத்தில் மூன்றடி அகலத்தில் குவித்த உரம் அந்தச் சூட்டை எட்டுவதும் அரிது, எட்டினாலும் வாரக்கணக்கில் நிற்பதும் அரிது. காய்கறித் தோலே சமவெளியை விட மெதுவாக மக்கும் இடம் இது. ஆறு மாதம் கழித்துக் கிளறினால் அந்தப் பை கந்தல் போல முழுசாக வரும். வீட்டு உரக்குழிக்கு என்று தனியாகச் சான்று பெற்ற பைகளில் HOME என்ற சொல் இருக்கும். அவற்றைச் சோதிப்பது 20 முதல் 30 டிகிரியில். அவையும் இந்தக் குளிரில் நிதானமாகத்தான் போகும், துண்டு துண்டாக வெட்டிப் போட்டுப் பாருங்கள்.

HOME என்று இல்லாத பையைப் பச்சைத் தொட்டியிலும் போடாதீர்கள், சாதா பிளாஸ்டிக் பைகளோடும் சேர்க்காதீர்கள். உருக்கும்போது இது கலந்தால் மற்ற பிளாஸ்டிக்கும் தரம் கெடும். எதிலும் சேராத மிச்சப் பையில் வையுங்கள். பாட்டில் பிளாஸ்டிக் போலவே கண்ணாடித் தெளிவாக இருக்கும் சில கோப்பைகளில் 7 என்ற எண்ணும் PLA என்ற எழுத்தும் இருக்கும். அவற்றுக்கும் இதே வழிதான்.

7. எண்ணே தெரியவில்லை என்றால்

கசக்கிப் பாருங்கள். உறையைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். அப்படியே உருண்டையாக நின்றால் அலுமினியத் தாள். மெல்ல விரிந்து பழைய வடிவுக்கு வந்தால் உலோகம் பூசிய பிளாஸ்டிக்.

காகிதமா கலப்பா என்று சந்தேகம் வந்தால் மெதுவாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார் மட்டும் தெரிந்தால் காகிதம். இழுபடும் மெல்லிய படலம் தெரிந்தால் கலப்பு.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் 2, 4, 5 வகை. மூழ்கினால் 1, 3 அல்லது 6. நுரைத் தட்டு மட்டும் விதிவிலக்கு, அது 6 வகையாக இருந்தாலும் காற்று நிறைந்ததால் மிதக்கும்.

எரித்துப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். காலைக் குளிரில் விறகோடு நாலு உறையையும் போட்டுக் குளிர்காயும் பழக்கம் இங்கே உண்டு. 3 என்ற எண் உள்ள பிவிசி எரிந்தால் தொண்டையை அரிக்கும் அமில வாயு வரும். மூடிய லைன் வீட்டுக்குள் அது போக வழியிருக்காது.

8. குப்பையைப் பற்றிப் பேசாத குறிகள்

இரண்டு அம்புகள் பின்னிய வட்டம் ஐரோப்பிய உறைகளில் ஏராளம். அதற்கு மறுசுழற்சி செய்யலாம் என்று பொருள் இல்லை. உறையைச் சேகரிக்கும் அமைப்புக்கு உற்பத்தியாளர் கட்டணம் கட்டியிருக்கிறார், அவ்வளவே. மூன்று அம்பு முக்கோணத்துக்குள் சதவீதம் இருந்தால், அந்த உறையில் எத்தனை பங்கு ஏற்கெனவே மறுசுழற்சி செய்த பொருள் என்று அர்த்தம். திறந்த டப்பாப் படத்துக்குள் 12M என்று இருந்தால் அது கிரீமைத் திறந்தபின் பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்வது.

குறுக்கே கோடு போட்ட சக்கரத் தொட்டி மட்டும் உண்மையான எச்சரிக்கை. பேட்டரி, சார்ஜர், விளக்கு இவற்றில் இருக்கும். சாதாரணக் குப்பையோடு போடாதே என்பது பொருள். தனியே ஒரு டப்பாவில் சேர்த்து, அபாயகரக் கழிவு என்று சொல்லிக் கொடுங்கள்.

கொரிய நூடுல்ஸ் உறை இப்போது ஊட்டிக் கடைகளிலேயே கிடைப்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் 비닐류 என்ற குறியைச் செயலி "வினைல்" என்று காட்டும். பிவிசி என்று பயப்பட வேண்டாம். கொரியர்கள் மெல்லிய பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் OTHER என்று இருந்தால் பெரும்பாலும் கலப்பு, காபிப் பை போன ஊருக்கே இதுவும் போகும்.

9. வெளியே வைக்கும் முன்

புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டு உரிமையாளரிடமோ வார்டு சுகாதார ஆய்வாளரிடமோ மூன்று விஷயம் கேளுங்கள்: மக்காத குப்பையை எந்தக் கிழமை எடுக்கிறார்கள், கலப்பு உறையைத் தனியாகக் கட்டிக் கொடுத்தால் தனியாகவே எடுப்பார்களா, சேகரிப்புக் கட்டணம் வீட்டு வரியோடு போகிறதா, நீங்கள் தனியாகக் கட்ட வேண்டுமா. ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் விருந்தினர் கொண்டுவரும் பாட்டில்களையும் கணக்கில் வையுங்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது 2024-இல்.

பார்சல் அட்டையில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டை உரித்து எடுங்கள். உங்கள் பெயரும் போன் எண்ணும் அதில் இருக்கின்றன, பசைத்தாள் பழைய பேப்பரிலும் சேராது.

பைகளை முந்தின இரவே வாசலில் வைக்காதீர்கள். சாஸ் ஒட்டிய ஜாடி, பிஸ்கட் வாசம் வீசும் உறை இரண்டும் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் அழைப்பு, விடிந்தபின் குரங்குக்கும். நீங்கள் அரைமணி நேரம் பிரித்தது அரை நிமிடத்தில் தேயிலைச் செடிகளுக்கு இடையே கலந்து கிடக்கும். வண்டிச் சத்தம் கேட்டபின் எடுத்துக்கொண்டு போங்கள்.